காலநீடிப்புக் கேட்கும் மடல்

2025 ஆம் ஆண்டுத் தைப்பொங்கலை வைத்தியசாலைக் கட்டிலிற் கழித்த மாணவன் ஒருவன், வீடு திரும்பிய இரண்டாம் நாள் நம்மிடம் வந்திருந்தான். ஒருகாலத்தில் நம் வகுப்பிற் படித்தவன். இப்பொழுது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் புவியியல் பயில்பவன். டெங்குக் காய்ச்சல் அவனை நன்றாக வாட்டியிருந்தது. அவன் கையிலிருந்த தொலைபேசியிலே, தன் விரிவுரையாளருக்கு அனுப்புவதற்கென்று எழுதிய மின்னஞ்சல் ஒன்று இருந்தது. "அனுப்புமுன் ஒருக்கால் பாருங்கோ, சேர்" என்றான்.

மடல் இதுதான்: "சேர், எனக்குச் சுகமில்லை. ஒப்படையை முடிக்க முடியவில்லை. தயவுசெய்து இன்னும் இரண்டு கிழமை தாருங்கள்."

இதிற் பொய் ஒன்றுமில்லை, பணிவுக்கும் குறைவில்லை. ஆயினும், இதனைப் பெறுகின்ற விரிவுரையாளர் என்ன செய்வார் என்று நாம் சிறிது எண்ணிப் பார்த்தோம். எழுதியவர் யார்? எந்த வகுப்பு? எந்த ஒப்படை? என்ன நோய், எப்போது தொடங்கியது? அதற்குச் சான்று உண்டா? இதுவரை ஏதேனும் எழுதியாயிற்றா? இரண்டு கிழமை எதற்கு? இவ்வளவையும் அவர் திருப்பிக் கேட்கவேண்டும். நூறு பேர் பயிலும் வகுப்பொன்றின் ஆசிரியருக்கு அது இயலுகின்ற காரியமன்று. காலநீடிப்பு மடல் என்பது இரக்கத்தை வேண்டுகின்ற விண்ணப்பம் என்று மாணவர் பலர் கருதுகின்றனர். உண்மையில், அஃது ஒருவர் ஒரு முடிவுக்கு வருவதற்கு வேண்டிய செய்திகளை ஒரே இடத்தில் திரட்டிக் கொடுக்கும் கடிதமாகும்.

ஆகவே, முதலில் நாட்களைக் கணக்கிட்டோம். ஒப்படை ஒப்புவிக்க வேண்டிய திகதி ஜனவரி 24, வெள்ளிக்கிழமை. காய்ச்சல் கண்டது 11 ஆந் திகதி. வைத்தியசாலையிற் சேர்ந்தது 13. வீடு திரும்பியது 17. டெங்குவில், காய்ச்சல் இறங்கிய பின்னரே ஆபத்தான கட்டம் வருவதுண்டு. அதன்பின்னும் சோர்வு பல நாட்கள் நீடிக்கும். ஒரு கிழமை ஓய்வெடுக்குமாறு வைத்தியர் பணித்திருந்தார். ஆகவே, 25 ஆந் திகதிக்கு முன் அவனால் மேசையில் அமர இயலாது.

"எவ்வளவு வேலை மிச்சம் இருக்குது, தம்பி?" என்று கேட்டோம். ஆறு கிணறுகளின் நீரை அளந்து, அட்டவணையும் படமும் முன்னரே முடித்திருந்தான். உவர்த்தன்மைக்கான காரணங்களை ஆராயும் பகுதிக்கு மூன்று நாள், முடிவுரைக்கு இரண்டு நாள், திருத்தி எழுத ஒரு நாள் என மொத்தம் ஆறு நாட்கள் வேண்டியிருந்தன. 25 இலிருந்து ஆறு நாட்கள் எண்ணினால் 30 ஆந் திகதி வருகிறது. இரண்டு கிழமை என்பது அச்சத்திற் பிறந்த எண். ஆறு நாள் என்பது வேலையிற் பிறந்த எண். பின்னதையே கேட்கவேண்டும்.

உடன் வந்திருந்த அவன் தந்தையார், "அப்பம்மாவுக்கும் சுகமில்லை, வீட்டிலே கரண்டும் இரண்டு நாள் இல்லை; அதையும் சேர்த்து எழுதினால் என்ன?" என்றார். இரண்டும் உண்மையே. எனினும், நாம் உடன்படவில்லை. சான்றுள்ள காரணம் ஒன்றே போதும். அதனருகிற் சான்றில்லாத இரண்டை வைத்தால், படிப்பவர் முதலாவதையும் ஐயத்தோடு நோக்குவார்.

இவ்வாறு ஆராய்ந்தபின் அவன் எழுதிய மடலைக் கீழே தருகின்றோம். அனுப்புவதற்குப் பல்கலைக்கழகம் வழங்கிய முகவரியையே கையாண்டான். விளையாட்டுப் பெயருள்ள சொந்த முகவரியிலிருந்து வரும் மடல் வேண்டாத அஞ்சல்களோடு ஒதுங்கிவிடக்கூடும். பொருள் என்ற வரியில், "புவியியல் இரண்டாம் வருடம், நிலத்தடி நீர் ஒப்படை: 24.01 இலிருந்து 30.01 வரை நீடிப்பு வேண்டல்" என்று எழுதினான். மடலைத் திறவாமலே செய்தி விளங்குமன்றோ?

"மதிப்பிற்குரிய கலாநிதி அவர்களுக்கு,

நான் தங்கள் இரண்டாம் வருட வகுப்பு மாணவன். ஜனவரி 24 ஆந் திகதி ஒப்புவிக்கவேண்டிய நிலத்தடி நீர் ஒப்படைக்கு 30 ஆந் திகதி வரை காலநீடிப்பு வேண்டி இதனை எழுதுகின்றேன்.

டெங்குக் காய்ச்சல் காரணமாக 13 முதல் 17 வரை வைத்தியசாலையில் இருந்தேன். 24 வரை ஓய்வெடுக்குமாறு வைத்தியர் பணித்துள்ளார். நோய் நிர்ணய அட்டையின் பிரதியை இணைத்துள்ளேன்.

கள அளவீடும் அட்டவணையும் படமும் முடிந்துள்ளன, அவற்றையும் இணைத்துள்ளேன். எஞ்சிய இரு பகுதிகளை 25 இலிருந்து ஆறு நாட்களில் முடிக்க இயலும். இத்திகதி பொருந்தாதாயின், தாங்கள் குறிப்பிடும் திகதியை ஏற்றுக்கொள்வேன்.

இப்படிக்கு,"

இதன்கீழ் முழுப் பெயரும், பதிவிலக்கமும், தொலைபேசி எண்ணும் இருந்தன. விளித்தலிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பல்கலைக்கழகத்திற் கற்பிப்போர் யாவரும் பேராசிரியர் அல்லர். கலாநிதியும் உளர், விரிவுரையாளரும் உளர். துறையின் பட்டியலைப் பார்த்து, உரிய பட்டத்தை இடுதல் வேண்டும்.

நோய் நிர்ணய அட்டையிலே நோயாளியின் உடல்நிலை பற்றிய பலவும் இருக்கும். விரிவுரையாளருக்கு வேண்டியவை திகதிகளும் நோயின் பெயருமே. பிறர் அறிய விரும்பாத நோயாயின், பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடம் அட்டையைக் காட்டிச் சான்றிதழ் பெற்று, அதனை இணைக்கலாம். மடலில் "வைத்தியக் காரணம்" என்று மட்டும் எழுதினாற் போதும்.

மடல் 20 ஆந் திகதி, திங்கட்கிழமை காலையிற் சென்றது. முடிவுத் திகதிக்கு நான்கு நாட்கள் முன்னதாக. இதே மடல் 24 ஆந் திகதி நள்ளிரவிற் சென்றிருந்தால், காரணம் மாறாவிடினும் அதன் வலு பாதியாகியிருக்கும். 17 ஆந் திகதியே வீடு திரும்பியவன் ஒரு கிழமை ஏன் வாளாவிருந்தான் என்ற வினா எழுந்திருக்கும்.

புதன்கிழமை வரை பதில் இல்லை. மௌனம் சம்மதமன்று. ஆகவே, முந்திய மடலின் தொடர்ச்சியாகவே இரண்டு வரி நினைவூட்டல் ஒன்றை அனுப்பச் சொன்னோம். அதற்கும் பதில் வராவிடின், 24 ஆந் திகதி உள்ளதை உள்ளபடியே ஒப்புவித்துவிடவும் சொன்னோம். அரைகுறை ஒப்படைக்குச் சில புள்ளிகளேனும் கிட்டும், ஒப்புவிக்காததற்கு ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை பதில் வந்தது. "30 ஆந் திகதி வகுப்பில் இவ்வொப்படையின் விடைகளை ஆராயவுள்ளேன். 29 மாலைக்குள் ஒப்புவிக்கவும்." ஒரு நாள் குறைந்தது. ஏனைய மாணவர் முன் விடை வெளியாகிய பின்னர் ஒருவரிடம் ஒப்படை வாங்குதல் நீதியாகாது. இரண்டு கிழமை கேட்டிருப்பின், அவர் மறுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஒன்றை மட்டும் ஈண்டு எச்சரிக்க விரும்புகின்றோம். இம்முறை ஒப்படைகளுக்கே பொருந்தும். இறுதிப் பரீட்சைக்குச் சமுகமளிக்க இயலாது போயின், விரிவுரையாளருக்கு மடல் எழுதுவதால் மட்டும் பயனில்லை; பீடத்தின் விதிப்படி, குறித்த நாட்களுக்குள் வைத்தியச் சான்றிதழை ஒப்புவித்தல் வேண்டும்.

முடிவுரையைத் திருத்த வைத்திருந்த நாளை விட்டுக்கொடுத்து, 29 ஆந் திகதி மாலை அவன் ஒப்படையை அனுப்பினான். எழுத்துப் பிழைகள் சில இருந்தனவாம். புள்ளிகளிலே தாமதத்துக்கென்று எதுவும் கழிக்கப்படவில்லை.