தண்டமில்லை, பில்

லண்டனில் இருக்கிற எங்கட மாமிக்குத் தனியார் கார் பார்க் ஒன்று 100 பவுண் 'தண்டம்' அனுப்பியிருக்கு. தண்டம் விதிக்க இவர்கள் என்ன அரசா? ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்லி அனுப்பிய பில்தான் இது. அந்த ஒப்பந்தமோ அறிவிப்புப் பலகையில்தான் இருக்கு. மாமி எடுத்த படத்தில் 100 பவுண் என்ற வரி இருட்டுக்குள்ள கிடக்கு. 2015இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் இப்படியான 85 பவுண் பில்லை ஏற்றபோது, பலகைகள் பெரிதாகவும் தெளிவாகவும் இருந்ததைக் கவனித்தது.

கமரா பதிந்தது உள்ளே வந்த 6.02ஐயும் வெளியேறிய 7.17ஐயும். நிறுத்தின நேரம் அதுக்குத் தெரியாது. மாமியின் டிக்கெட் 6.09இலிருந்து 7.09 வரை. பிந்தியது எட்டு நிமிடம்; அவங்கட துறையின் விதிக்கோவையே முடிவில் 10 நிமிடம் விடச் சொல்லுது!

படங்களையும் டிக்கெட்டையும் இணைத்து, 28 நாளுக்குள் மேன்முறையீடு அனுப்பிவிட்டோம். மறுத்தால் சுயாதீன மேன்முறையீட்டு அமைப்புக்குப் போவோம்.