ஆறு மாதத்துக்கு மேல் பத்தொன்பது நாள்

தோட்டத்தில் பெரட்டு எடுத்த காலத்தில் யார் எந்த நாள் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்பது கிராணியின் செக்ரோலில் இருக்கும். சுங்கை சிப்புட்டிலும் பீடோரிலும் தோட்டங்கள் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் இடிக்கப்பட்டபோது அந்தப் புத்தகங்களும் போய்விட்டன. இன்று சிவப்பு அடையாள அட்டையோடு குடியுரிமை மனுவுக்காக நம் மேசைக்கு வரும் அம்மாவின் நாட்களை எழுதி வைத்திருப்பவர் யாரும் இல்லை. அந்தப் பதிவை நாம்தான் உருவாக்க வேண்டும். அதில் அதிகம் தவறுவது வெளிநாட்டில் கழித்த நாட்களின் கணக்கு என்பதால், இந்த இதழில் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அரசியலமைப்பின் 19ஆவது பிரிவின் கீழ் மனு செய்பவர், மனு தேதிக்கு முந்தைய 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டுகளாவது இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். கடைசி 12 மாதமும் அந்த 10 ஆண்டுக்குள் அடங்க வேண்டும். மெர்டேக்காவுக்கு முன் இங்கேயே பிறந்தவர் 16ஆவது பிரிவின் கீழ் வருவார். அவருக்குக் கடைசி 7 ஆண்டில் 5 ஆண்டு போதும். அதனால் பிறப்புக்கு ஆதாரம் கிடைக்குமா என்று முதலில் தேடிப் பாருங்கள். ‘வசித்தல்’ என்றால் என்ன என்பதை இரண்டாம் அட்டவணையின் மூன்றாம் பகுதியிலுள்ள 20ஆம் கூறு சொல்கிறது. ஆறு மாதத்துக்குக் குறைவாக ஒருவர் வெளியே இருந்தால், அந்தக் காலமும் இங்கே வசித்ததாகவே கொள்ளப்படும். ஒவ்வொரு பயணமும் தனித்தனியாக அளக்கப்படுகிறது. நம்மில் பலர் எல்லாப் பயணங்களையும் ஒன்றாகக் கூட்டி, “இன்னும் ரெண்டு வருஷம் பொறுங்கம்மா” என்று அனுப்பிவிடுகிறோம். எழுபது வயதைத் தாண்டியவரிடம் அப்படிச் சொல்வது சிறிய தவறு அல்ல.

பல மனுக்களில் பார்த்ததைச் சேர்த்து ஒரே மனுவாக இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் பிறந்து, குழந்தையாக வந்து, பால்மரம் சீவியே வயதான ஓர் அம்மா. இப்போது ஈப்போவில் மகளோடு இருக்கிறார். மனு தேதி 10.3.2025. ஆகவே கணக்கு 10.3.2013-இல் தொடங்கி 9.3.2025-இல் முடிகிறது, மொத்தம் 4,383 நாள். “மூணு தடவைதான் ஊருக்குப் போனேன்” என்றார். கடப்பிதழைப் புரட்டினால் நான்கு. 2014 ஜனவரி 12 முதல் பிப்ரவரி 28 வரை 48 நாள். 2022 நவம்பர் 2 முதல் டிசம்பர் 15 வரை 44 நாள். 2024 ஆகஸ்ட் 20 முதல் செப்டம்பர் 9 வரை 21 நாள். இவற்றுக்கு நடுவில் சிக்கலான ஒன்று: 2020 பிப்ரவரி 2 அன்று பேத்தி கல்யாணத்துக்குத் திருச்சிக்குப் போனார். திரும்பும் டிக்கெட் மார்ச் 29-க்கு. மார்ச் 18 அன்று இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. சில நாட்களில் இந்தியாவும் வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது. ஆகஸ்ட் 20 அன்றுதான் அவரால் திரும்ப முடிந்தது.

மகளிடம் பழைய டிக்கெட் இருந்தது. முதல் வரைவை எழுதிய தொண்டர் அதைப் பார்த்து, திரும்பிய நாள் மார்ச் 29 என்று போட்டுவிட்டார். டிக்கெட் போட்ட திட்டத்தைத்தான் காட்டும்; போய் வந்ததற்கு முத்திரைதான் சாட்சி. உண்மையில் அவர் வெளியே இருந்தது 201 நாள். பிப்ரவரி 2-இல் தொடங்கிய ஆறு மாதம் ஆகஸ்ட் 1-இல் நிறைகிறது. அதற்கு மேல் பத்தொன்பது நாள் ஓடிவிட்டது. அந்தப் பத்தொன்பதை மட்டும் கழித்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. ஆறு மாதத்தைத் தொட்டதும் சலுகை முழுவதுமாக விலகுகிறது. 201 நாளும் போய்விடும்.

கழித்துப் பார்ப்போம். 4,383-இல் 201 போனால் 4,182. பத்து ஆண்டுக்குத் தேவை 3,653 நாள்தான். நான்கு பயணங்களின் 314 நாளையும் கழித்தாலும் 4,069 மிஞ்சும். உடல்நலக் காரணத்துக்கும், அமைச்சர் ஏற்கும் பிற காரணங்களுக்கும் அதே 20ஆம் கூறில் இடமுண்டு. பெருந்தொற்றைக் காட்டி அந்த வழியில் கேட்கலாமா என்று தொண்டர் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். கழித்தும் கரை சேர்கிற மனுவில், அமைச்சர் மனது வைத்தால்தான் நிற்கும் என்கிற வாதத்தை நாமாகக் கொண்டு வைக்க வேண்டியதில்லை. 201 நாளையும் நாமே கழித்துக் காட்டி, காரணத்தை ஒரே வரியில் எழுதினோம்.

இந்த மனுவில் ஆறு மாத விதி உண்மையில் கைகொடுத்தது 2024 பயணத்துக்குத்தான். கடைசி 12 மாதத்துக்குள் 21 நாள் வெளியே. வெறும் நாட்கணக்காகப் பார்த்தால் அந்த 12 மாதம் முழுதாக இல்லை, மனு அங்கேயே விழுந்துவிடும். 20ஆம் கூறின்படி அந்த 21 நாளும் அவர் இங்கே வசித்தவர். ஆகவே அந்த வரிக்கு எதிரே கூறின் எண்ணையும் எழுதுங்கள்.

புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் உள்ளேயா வெளியேயா என்று ஒவ்வொருவரும் ஒரு மாதிரி எண்ணுகிறார்கள். நான் இரண்டையும் வெளியே என்றே எண்ணுகிறேன். நமக்குப் பாதகமான எண்ணிக்கையிலேயே மனு தேறிவிட்டால் அதன் பிறகு பேச்சில்லை. எப்படி எண்ணினோம் என்பதைப் பதிவின் தலைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். இரவு விமானத்தில் போனால் இங்கே ஒரு தேதியும் திருச்சியில் அடுத்த தேதியும் விழும். நமக்கு மலேசிய முத்திரையின் தேதிதான் கணக்கு.

பேராக்கில் தவறாமல் விடுபடுவது பெத்தோங். பெங்காலான் உலு வழியாகக் காலையில் போய் மாலையில் திரும்புவதை யாரும் வெளிநாட்டுப் பயணமாக நினைப்பதில்லை. “வெளிநாடு போனீங்களா?” என்று கேட்டால் இல்லை என்பார்கள். “பெத்தோங், ஹாட்யாய் பக்கம் போனதுண்டா?” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரு நாள் போனது கணக்கைக் கெடுக்காது. ஆனால் அரசின் பதிவில் இருந்து நம் தாளில் இல்லாமல் போனால், மற்ற வரிகளையும் அதிகாரி சந்தேகத்தோடுதான் பார்ப்பார். முக்கியமான செய்தியை மறைத்தோ பொய் சொல்லியோ பெற்ற குடியுரிமையை 26ஆவது பிரிவின் கீழ்ப் பறிக்கவும் முடியும். தேதி நினைவில்லை என்றால் ‘2016 நடுவில், சரியான நாள் தெரியவில்லை’ என்றே எழுதலாம். ஊகித்த தேதியை உறுதியான தேதி போல எழுதக் கூடாது.

ஒவ்வொரு வரியிலும் அன்றைய தகுதியையும் குறிக்க வேண்டும். பாஸில் தங்கியிருந்த காலம் அமைச்சரின் சம்மதம் இல்லாமல் வசிப்பாகாது. சட்டப்படி இல்லாத காலமும் வசிப்பாகாது. பத்து ஆண்டு வேலை பாஸிலும் இரண்டு ஆண்டு சிவப்பு அட்டையிலும் இருந்தவருக்குக் கையில் உள்ளது இரண்டு ஆண்டுதான். குடியுரிமை மனு குறித்த அரசின் முடிவை எதிர்த்து நீதிமன்றத்தில் மேல்முறையீடு இல்லை என்று இரண்டாம் அட்டவணையே சொல்கிறது. ஆகவே இந்த எண்ணிக்கையை மனு போவதற்கு முன்பே நம் மேசையில் முடித்துவிட வேண்டும்.

தானியங்கி வாயிலில் போனால் முத்திரை விழாது. அந்த மாதிரிப் பயணங்களுக்கு போர்டிங் பாஸை அன்றைக்கே எடுத்து நோட்டில் ஒட்டச் சொல்லுங்கள். எழுத்து மங்கிவிடும் என்பதால் படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். காலாவதியான கடப்பிதழ் எங்கே என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். அந்த அம்மாவின் பழைய கடப்பிதழ், மூலை வெட்டப்பட்டு, சாமி படத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் பையில் இருந்தது. 2014 பயணத்தின் இரண்டு முத்திரைகளும் அதில்தான் இருந்தன.