சிரட்டை சிரட்டைதான்

வாசிப்புக் கூட்டம் ஒன்றில் நம்ம பையன் ஒருத்தன் தன் கவிதையை வாசிச்சான். கல்லூரியில ரெண்டாம் வருஷம். மொத்தம் எட்டு வரி. ஊர்த் தேநீர்க்கடை. தாத்தாவுக்குச் சிரட்டையில் தேநீர். சுடுது, துண்டு முனையால பிடிச்சுக்கிட்டுக் குடிக்கிறார். குடிச்சு முடிச்சுக் கழுவி, வேலிப்படலில் செருகி வைக்கிறார். அவ்வளவுதான் கவிதை.

தலைமை தாங்கிய பேராசிரியர் அதைச் சுருக்கிச் சொல்ல எழுந்தார். சிரட்டை என்பது பிரபஞ்சத்தின் வெறுமையாம். அதில் ஊற்றப்படும் சூடான திரவம் வாழ்வின் தற்காலிக வெப்பமாம். வேலி, பிறப்புக்கும் இறப்புக்கும் நடுவில் இருக்கிற எல்லையாம். கால்மணி நேரம் பேசினார். அந்தக் கால்மணி நேரத்தில் தேநீர்க்கடையும் இல்லை, தாத்தாவும் இல்லை, உள்ளே இருக்கிறவனுக்குக் கண்ணாடி டம்ளர் என்ற சேதியும் இல்லை. பையன் முழிச்சுக்கிட்டு நின்னான். "ஐயா, அது சிரட்டைங்க" என்றான். கூட்டம் சிரிச்சது. அவனைப் பார்த்துத்தான் சிரிச்சது.

படிமத்தை மேலே மேலே ஏற்றி விளக்குவதை நுட்பமான வாசிப்பு என்கிறார்கள். இந்த இடத்தில் அது செய்த வேலை என்ன? தீண்டாமையைப் பார்க்க வேண்டிய கண்ணை வானத்தைப் பார்க்கத் திருப்பி விட்டது. சிரட்டையைச் சிரட்டையாகவே பார்த்தால்தான் அதை யார் கையில் கொடுத்தார்கள் என்று கேட்க முடியும்.

இதுவரைக்கும் எழுதினால் நம்ம ஆட்கள் கை தட்டுவார்கள். நான் சண்டை போட வந்தது அந்தப் பேராசிரியரோடு மட்டும் இல்லை, நம்மோடும்தான்.

அதற்கு அடுத்த மாசம் நம்ம மாணவர்கள் ஒரு துண்டறிக்கைக்காகக் குறுந்தொகை 40ஆம் பாட்டுக்கு உரைநடைச் சுருக்கம் எழுதி எடுத்துக்கிட்டு வந்தார்கள். எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு. எழுதியவர் பெயரே தெரியாமல், பாட்டில் வருகிற உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று வைத்துவிட்டார்கள். ஐந்தே அடி. மாணவர்கள் எழுதியிருந்தது இப்படி: "வேறுவேறு சாதியைச் சேர்ந்த இருவர் சாதியை மறுத்து இணைவதை இக்கவிதை முழங்குகிறது. செம்மண் உழைக்கும் மக்கள் சிந்திய ரத்தம். மழை புரட்சி. ரத்தத்தில் புரட்சி கலக்கும்போது சாதி அழியும்."

படிச்சதும் எனக்குப் பேராசிரியர் ஞாபகம்தான் வந்தது. அவர் சிரட்டையில் பிரபஞ்சத்தை ஊற்றினார், நாம செம்மண்ணில் ரத்தத்தை ஊற்றுகிறோம். ஊற்றுகிற கை வேறு. வேலை ஒண்ணு.

"ஏன் தோழர், ஆசிரியன் செத்துட்டான்னு பார்த் சொல்லிட்டாரே, பிரதியை நாம எப்படி வேணா வாசிக்கலாமே" என்று ஒரு தோழர் கேட்டார். தாராளமா வாசிங்க. ஆனா சுருக்கம் என்பது வேறு வேலை. பாட்டைப் படிக்காத ஒருத்தருக்கு அதில் என்ன இருக்குன்னு சொல்ற வேலை அது. நம்ம வாசிப்பை அதுக்குள்ள கலந்து கொடுத்தா, கேட்கிறவருக்குப் பாட்டு எது நாம எதுன்னு பிரிக்க வழி இல்லை.

அன்றைக்கு உட்கார்ந்து செய்ததைச் சொல்கிறேன். முதலில் யார் யாரிடம் பேசுகிறார் என்று பார்த்தோம். தலைவன் தலைவியிடம் என்றார்கள் எல்லாரும். பாட்டில் அப்படி ஒரு சொல் எங்கே இருக்குன்னு கேட்டேன். தேடினார்கள். இல்லை. 'நான்', 'நீ' இருக்கு; ஆணா பெண்ணா என்று சொல்கிற சொல் எதுவும் இல்லை. முதல் கூடலுக்குப் பிறகு, இவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் மாற்றத்தைக் கண்டு தலைவன் சொன்னது என்பது பாட்டுக்கு அடியில் இருக்கிற கூற்றுக் குறிப்பு. அது பாட்டோடு பிறந்தது இல்லை, பின்னால் சேர்த்தது. குறிஞ்சித் திணை என்பதும் அப்படித்தான். பாட்டுக்குள் மலை இல்லை. இதையெல்லாம் தூக்கி எறியச் சொல்லவில்லை. "கூற்றுக் குறிப்பின்படி" என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் போதும்.

அடுத்து, என்ன சொல்லப்படுகிறது? மூன்று கேள்வி. என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார், என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு, நீயும் நானும் எப்படி அறிந்துகொண்டோம். மூன்றுக்கும் பாட்டில் பதில் இல்லை. கேட்கிற விதத்திலேயே 'ஒன்றும் இல்லை' என்ற பதில் அடங்கியிருக்கிறது. இது ஊகம்தான், ஆனால் கேள்விகளிலிருந்தே பிறக்கிற ஊகம். கடைசி அடி அதைத் தாங்குகிறது. அதனால் சுருக்கத்தில் இதற்கு இடம் உண்டு.

பிறகு உவமை. நம்ம பிள்ளைகள் வழுக்கி விழுந்த இடம். உவமை எதைக் கொண்டு பிறக்கும் என்பதற்குத் தொல்காப்பியம் நாலு அடிப்படை சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. செய்கை, விளைவு, வடிவம், நிறம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு உவமையைப் பார்த்ததும், இது நாலில் எதற்காக வந்தது என்று கேட்கணும். இந்தப் பாட்டில் அதைத் தேடி அலையவே வேண்டாம். செம்மண் நிலத்தில் பெய்த நீர் போல என்று சொல்லிவிட்டு, அடுத்த அடியிலேயே நெஞ்சங்கள் தாமாகக் கலந்தன என்று பாட்டே வினையை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. கலத்தல். உவமை வந்தது அதற்குத்தான். மண்ணின் நிறம் நீரில் ஏறிவிடும், பிறகு பிரிக்க முடியாது என்று ஒரு படி போகலாம். செம்மை என்ற சொல் அங்கே இருக்கிறது, கலங்கிய செந்நீரை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதுக்கு மேல் ரத்தம் என்றால் பாட்டில் பிடிமானம் இல்லை. மண் பெண், மழை ஆண் என்று சிலர் எழுதுவதும் இதே கதைதான். கலந்தது ரெண்டு நெஞ்சம். எது மண் எது நீர் என்று பாட்டு பங்கு பிரிக்கவில்லை.

சாதி? இதுதான் வலிக்கிற இடம். ஒரு சின்னச் சோதனை வைத்தோம். ஒரே சாதியில், ரெண்டு வேற ஊரில், முன்னேபின்னே தெரியாத ரெண்டு பேர் இதே ஐந்து அடியைப் பேச முடியுமா? ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் பேச முடியும். அப்படியானால் 'வேறுவேறு சாதி' என்பது பாட்டில் இல்லை, நாம கொண்டுபோனது. உறவு இல்லை என்பது ஒன்று, சாதி வேறு என்பது இன்னொன்று.

ஒரு பொண்ணுக்குக் கோபம் வந்துடுச்சு. "அப்போ நமக்கு இந்தப் பாட்டுல ஒண்ணுமே இல்லையா தோழர்? காதலிச்சதுக்காக வெட்டிப் போடுறானுங்க, நீங்க சொல்லுக்குச் சொல்லு கணக்குப் பார்க்கிறீங்க." நியாயமான கோபம். ஆனா கணக்குப் பார்க்காமல் போனா என்ன ஆகும்? எதிரே நிற்கிறவனும் இதே பாட்டைத்தான் கையில் வைத்திருக்கிறான். "பாருங்க, தாய் தகப்பன் யாருன்னே கேட்காம காதலிச்சிருக்கான். சங்க காலத்துல சாதியே கிடையாது. எல்லாம் இடையில வந்தது" என்று மேடையில் பேசி, இன்றைய சாதிப் பெருமிதத்துக்கு வெள்ளை அடிக்கிறான். அவனும் மிகைவாசிப்புத்தான் செய்கிறான். நாம பாட்டுக்குள் சாதி எதிர்ப்பை நுழைத்தால், அவன் சாதி இன்மையை நுழைப்பதை எந்த வாயால மறுப்பது?

அவனை மறுக்க வேண்டிய ஆதாரம் வேறு இடத்தில் கிடக்கிறது. அகப்பாட்டுக்கு இலக்கணம் சொன்ன தொல்காப்பியம், தலைவனுக்கும் தலைவிக்கும் பத்துப் பொருத்தம் வேண்டும் என்று மெய்ப்பாட்டியலில் அடுக்குகிறது. முதலாவது பிறப்பு, ரெண்டாவது குடிமை. அடியவர்களையும் ஏவல் செய்பவர்களையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியேதான் நிறுத்துகிறது. காதலுக்கும் தகுதி பார்த்த இலக்கணம் அது. இதைப் பாட்டின் சுருக்கத்துக்குள் திணிக்கக் கூடாது. பாட்டு இதைப் பேசவில்லை. சுருக்கத்தை முடித்துவிட்டு, அடுத்த பத்தியில், நம்ம குரலில் வைக்கணும். பிறப்பையும் குடியையும் முதலில் வைக்கிற இலக்கணத்துக்குப் பக்கத்தில், தாய் தகப்பன் உறவைக் கேள்வியாக மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்து போகிற ஒரு பாட்டு நிற்கிறது. இந்த முரணே நமக்குப் போதுமானது. ரத்தம் தேவையில்லை.

படிமம் எல்லாமே வெறும் பொருள்தான் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குறுந்தொகை 8, ஆலங்குடி வங்கனார் பாட்டு. வயலோரத்து மாமரத்தின் கனிந்த பழம் தானாக விழுகிறது, குளத்து வாளைமீன் அதைக் கவ்வுகிறது. அப்படிப்பட்ட ஊர்க்காரன், எங்க வீட்டில் பெரிய பேச்சுப் பேசிவிட்டு, தன் வீட்டில் கண்ணாடியில் தெரிகிற பாவை மாதிரி தன் மகனின் தாய் விரும்பியதைச் செய்கிறான் என்று பேசுகிறாள் ஒருத்தி. கூற்றுக் குறிப்பு அவளைப் பரத்தை என்கிறது. கண்ணாடிப் பாவைக்குப் 'போல' இருக்கிறது, எதற்கு உவமை என்பதும் அங்கேயே இருக்கிறது. கை தூக்கினால் தூக்கும், தனக்கென்று ஒன்றும் இல்லை. மாம்பழத்துக்கும் மீனுக்கும் 'போல' இல்லை. இது உள்ளுறை, படிக்கிறவர் வேலை செய்துதான் ஆகணும். இங்கேயும் முதலில் பழம் விழுகிறது, மீன் கவ்வுகிறது என்று காட்சியை எழுதிவிட்டு, 'முயற்சி இல்லாமல் கிடைப்பதைக் குறிப்பதாகக் கொள்ளலாம்' என்று தனி வாக்கியமாக எழுதினால் சரி. மீன் யார், பழம் யார் என்று அடித்துச் சொல்லப் போனால் மாட்டிக்கொள்வோம்.

கடைசியில் கோபப்பட்ட அந்தப் பொண்ணுதான் 40ஆம் பாட்டுக்குச் சுருக்கம் எழுதியது: "ஒருவர் தன் அன்புக்குரியவரிடம் பேசுகிறார். கூற்றுக் குறிப்பின்படி தலைவன் தலைவியிடம். நம் தாய்மார்களுக்குள் என்ன உறவு, தந்தையர்க்குள் என்ன முறை, நாம் எப்படி அறிந்தோம் என்று கேட்கிறார். எதுவும் இல்லை என்பது குறிப்பு. ஆனாலும் செம்மண்ணில் பெய்த மழைநீர் போல இருவர் நெஞ்சமும் தாமாகக் கலந்துவிட்டன என்கிறார். முன் உறவு எதுவும் இல்லாமலே அன்பால் பிரிக்க முடியாதபடி இணைவதே பாட்டின் கரு." துண்டறிக்கையில் இது போனது. கீழே கோடு போட்டு, 'நாங்கள் சொல்வது' என்று தலைப்பிட்டு, பத்துப் பொருத்தம் பற்றிய பத்தி.

சிரட்டைக் கவிதைக்கும் நான் ஒரு சுருக்கம் எழுதிப் பையனிடம் காட்டினேன். "ஊர்த் தேநீர்க்கடையில் முதியவர் ஒருவருக்குச் சிரட்டையில் தேநீர் தரப்படுகிறது. அவமானத்தை விழுங்கிக்கொண்டு குடிக்கிறார். சிரட்டையைக் கழுவி வேலியில் செருகுகிறார்." ரெண்டு தடவை படிச்சான்.

"தோழர், அவமானத்தை விழுங்கினாருன்னு நான் எழுதலீங்களே. துண்டு முனையில புடிச்சாருன்னுதான எழுதியிருக்கேன்."

பேனாவை வாங்கி அந்த வாக்கியத்தை அடிச்சேன்.