முதல் இரண்டு வசனத்திலேயே கருவாடு மணக்க வேணும்

சிறுதொழில் செய்யிற ஆட்களின்ர கதையைச் சொல்லும் பொட்காஸ்ட் ஒன்றைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மைக்குக்கும் எடிட்டிங்குக்கும்தான் நேரம் செலவழிக்கிறார்கள். எபிசோட் விபரத்தை அப்லோட் பண்ணுகிற கடைசி ஐந்து நிமிசத்தில் அடிச்சுப் போட்டுவிடுவார்கள். என்ர கருத்து நேர் எதிர். உங்களை இதுவரை கேட்டறியாத ஒருவருக்கு, அந்த எபிசோடில் முதலில் கண்ணில் படுவது தலைப்பும் அந்த விபரத்தின் முதல் இரண்டு வசனமும்தான். குரல் அதற்குப் பிறகுதான் வரும்.

போனில் எபிசோட் பட்டியலைத் திறந்து பாருங்கோ. தலைப்புக்குக் கீழே இரண்டு மூன்று வரிதான் தெரியும், மிச்சம் வெட்டுப்பட்டிருக்கும். இதில் தமிழுக்கு என்று ஒரு தனிப் பிரச்சினை இருக்கு. எங்கட மொழியில் வினைச்சொல் வசனத்தின் கடைசியில் வரும். நீளமான வசனம் எழுதினால், யார், எந்த ஊர், எப்படிப்பட்டவர் என்ற அடைமொழியெல்லாம் மேலே நிற்கும், அவர் என்ன செய்தார் என்பது வெட்டுக்குக் கீழே போய்விடும். நாங்கள் வழக்கமாக எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

"வணக்கம் நண்பர்களே! எமது இந்த வார எபிசோடில், திருகோணமலை மாவட்டத்தின் சாம்பல்தீவுப் பகுதியைச் சேர்ந்த, பல சவால்களைக் கடந்து கருவாட்டுத் தொழிலில் சாதனை படைத்த ஒரு பெண் தொழில்முனைவோரைச் சந்திக்கிறோம்."

போனில் இது "பகுதியைச் சேர்ந்த" என்பதோடு நின்றுவிடும். ஒரு வினைகூட இன்னும் வரவில்லை. முழுசாகத் தெரிந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. "சவால்", "சாதனை" என்ற இரண்டு சொல்லும் எந்த ஊரின் எந்தத் தொழிலுக்கும் பொருந்தும். சாம்பல்தீவை எடுத்துவிட்டு மன்னார் என்று போடுங்கோ, கருவாட்டை எடுத்துவிட்டுத் தையல் என்று போடுங்கோ, வசனம் அப்படியே நிற்கும். அப்படி மாற்றிப் போடக்கூடிய வசனம் புது ஆளை நிறுத்தாது.

இந்த வகை நிகழ்ச்சிகளில் உலகம் அறிந்த ஒன்று, கை ராஸ் அமெரிக்காவில் 2016இல் தொடங்கிய 'ஹவ் ஐ பில்ட் திஸ்'. அதன் ஆரம்ப எபிசோடுகளில் ஒன்று, வீடு வீடாகப் போய் ஃபக்ஸ் மெஷின் விற்றுக்கொண்டிருந்த சாரா பிளேக்லி 5,000 டொலர் சேமிப்போடு ஸ்பாங்ஸ் கம்பனியைக் கட்டிய கதை. நல்ல கதைதான். ஆனால் எங்களில் கனபேர் அதிலிருந்து தவறான பாடத்தை எடுக்கிறார்கள். அந்த நிகழ்ச்சிக்குத் தலைப்பில் கம்பனியின் பெயரைப் போட்டாலே பாதி வேலை முடிஞ்சுது, பெயர் முதலே பிரபலம். சாம்பல்தீவுக் கடற்கரையில் இருக்கிற ஒரு மீன்வாடிக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. ஆளின் பெயரையும் பட்டத்தையும் முன்னுக்குப் போட்டு எங்களுக்கு ஒன்றும் ஆகாது. எங்களிடம் இருக்கிற சரக்கு ஒன்றுதான்: அந்த ஆள் எடுத்த ஒரு முடிவும், அதற்கு அவர் கொடுத்த விலையும்.

அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு கற்பனை எபிசோடை வைத்துப் பார்ப்பம். சாம்பல்தீவில் ஒரு அக்கா. அவரின்ர வீட்டுக்காரர் என்ஜின் போட்ட படகில் கடலுக்குப் போகிறவர். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. இது கற்பனை இல்லை, நடந்தது. ஒருக்கால் கடலுக்குப் போய்வர இருபது லீற்றர் என்று வைத்தால், 1,740 ரூபாவாக இருந்த செலவு ஒரே நாளில் 6,800 ரூபா ஆகிறது. பச்சை மீனை வாடியிலேயே லொறிக்காரரிடம் கொடுத்தால் காசு அன்றைக்கே கையில். கருவாடு போட்டால் விலை கூட, ஆனால் வெயில் வேணும், உப்பு வேணும், கூலி வேணும். காசு வரும்வரை நாளைய மண்ணெண்ணெய்க்கு வேற வழி பார்க்க வேணும். அந்த அக்கா கருவாட்டைத் தேர்ந்தெடுத்தார். ஐப்பசியில் மழை தொடங்க இரண்டு மாதம்கூட இல்லை.

இப்ப எழுதுவது சுகம்:

"2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. பச்சை மீனை விற்றால் அன்றைக்கே காசு, ஆனால் சாம்பல்தீவு அக்கா ஒருவர் காயவைக்கத் தீர்மானித்தார்."

முதல் வசனத்தில் எல்லாருக்கும் ஞாபகமிருக்கிற ஒரு அடி. இரண்டாவதில் இரண்டு வழியும், அதில் கஷ்டமான வழியை எடுத்த ஒரு ஆளும். மழைக்கு முன்னம் காய்ந்ததா, காசு வந்ததா என்று நாங்கள் சொல்லவில்லை. கேட்கிறவரின் கேள்வி அதுதான், அதுக்காகத்தான் பிளே பட்டனை அமத்துவார். வணக்கமும், நிகழ்ச்சி அறிமுகமும், நன்றியும் மூன்றாவது வசனத்துக்குப் பிறகு எங்கேயும் இருக்கலாம். பொட்காஸ்டைப் பற்றிய விபரத்துக்கு ஆப்பில் வேற இடம் இருக்கு, அதை ஒவ்வொரு எபிசோடிலும் திருப்பி எழுதத் தேவையில்லை.

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற விசயம். அதே பேட்டியில், இருபதாவது நிமிசத்தில், அந்த அக்கா தாலிக்கொடியை அடகு வைத்ததைச் சொல்கிறார் என்று வைப்பம். "தாலிக்கொடியை அடகு வைத்த பெண்" என்று முதல் வசனத்தில் போட்டால் கூடப்பேர் அமத்துவார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் போடக்கூடாது என்கிறேன். ஒலியில் அது அவரின்ர குரலில், அவர் தெரிந்தெடுத்த இடத்தில், முன்னும் பின்னும் சேர்ந்து வருகிறது. விபரத்தில் அது தனியாக நிற்கிறது. வட்ஸ்அப்பில் குடும்பக் குழுவுக்கும் கோயில் குழுவுக்கும் போகும்போது, எபிசோடைக் கேட்காதவர்களும் அந்த ஒரு வரியை வாசிப்பார்கள். கொழும்பில் இருக்கிற ஒருவருக்கு அவர் பெயர் தெரியாத ஆள். சாம்பல்தீவில் கருவாடு போடுகிற, வீட்டுக்காரர் படகு வைத்திருக்கிற ஆள் யார் என்று ஊருக்குத் தெரியும். அடுத்த முறை கடனுக்கு உப்பு வாங்கப் போகிற கடையில் அந்த வரி அவருக்கு முன்னமே போய் நிற்கும்.

ஆகவே ஒரு சின்ன நடைமுறை: வெளியிட முன்னம் அந்த இரண்டு வசனத்தையும் போனில் அவருக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. முழு எபிசோடுக்குச் சம்மதம் தந்தவர்கூட இதுக்குத் தயங்கலாம். அவர் தயங்கினால் மாற்றுங்கோ. நிகழ்ச்சியை நடத்துகிறவருக்கு அது ஒரு எபிசோட், அவருக்கு அது நாளைக்கும் நடக்க வேண்டிய வியாபாரம்.

எழுதினது சரியா என்று எண்ணிக்கையும் சொல்லும், ஆனால் எந்த எண்ணிக்கை என்று பார்க்க வேணும். பிளே கூடியது மட்டும் போதாது. ஆப்பிள் பொட்காஸ்ட் ஒரு எபிசோடில் இருபது நிமிசமோ, நாற்பது வீதமோ கேட்டவரைத்தான் ஈடுபாட்டோடு கேட்டவர் என்று கணக்கெடுக்கிறது. பிளே ஏறி, முதல் மூன்று நிமிசத்திலேயே கனபேர் விட்டுப் போகிறார்கள் என்றால், விபரம் ஒன்றைச் சொல்ல எபிசோட் வேறொன்றில் தொடங்குகிறது என்று அர்த்தம். கனக்க இடங்களில் காரணம், ஒலியின் தொடக்கத்தில் ஏழு நிமிசம் ஓடுகிற வரவேற்பும் விருந்தினர் அறிமுகமும்தான். மண்ணெண்ணெய் விலையை நம்பி வந்தவருக்கு மண்ணெண்ணெய் முதல் இரண்டு நிமிசத்துக்குள் வர வேணும். வராவிட்டால் விபரத்தைத் திருத்தாதேங்கோ, எபிசோடை வெட்டுங்கோ.