பொய் சிஓடி ஆர்டர்கள்: பார்சல் வீட்டை விட்டுப் போகும் முன்பே கண்டுபிடிப்பது எப்படி?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே நம் சிறு வியாபாரிகளின் முகநூல் பக்கங்களும் புலனக் குழுக்களும் பரபரப்பாகிவிடும். முறுக்கு, அச்சுப் பலகாரம், பஞ்சாபி உடை, மசாலைத் தூள் என்று வீட்டிலிருந்தே விற்கும் பெண்கள் இன்று தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. இவர்களில் பலர் ‘சிஓடி’ முறையில் விற்கிறார்கள். பார்சல் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு வாங்குபவர் குரியர் ஊழியரிடம் பணத்தைக் கொடுப்பார். சில நாள் கழித்து அந்தப் பணம் விற்பவரின் கணக்கில் சேரும்.

வங்கிச் செயலி பயன்படுத்தத் தெரியாத பெரியவர்களுக்கும், முன்பின் தெரியாதவருக்கு முன்கூட்டியே பணம் அனுப்பப் பயப்படுபவர்களுக்கும் இது நல்ல வழி. ஆனால் இதில் ஆபத்து முழுவதும் விற்பவர் தலையில்தான் விழுகிறது. ஆர்டர் செய்பவர் ஒரு காசு கூடக் கொடுக்கத் தேவையில்லை. அதனால் ஒரு வியாபாரியைப் பிடிக்காதவர், போட்டிக் கடைக்காரர், பழைய பகையுள்ள உறவினர் என்று யார் வேண்டுமானாலும் பொய்ப் பெயரில் பத்து ஆர்டர் போட்டு அவரை நஷ்டப்படுத்தலாம்.

வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு மனம் மாறுபவர்கள் எப்போதும் இருப்பார்கள். அது வியாபாரத்தில் சகஜம். இங்கே நாம் பேசுவது வேறு. வாங்கும் எண்ணமே இல்லாமல், நஷ்டம் உண்டாக்குவதற்காகவே போடப்படும் ஆர்டர்கள் இவை.

நஷ்டம் எவ்வளவு?

கணக்குக்காக ஓர் உதாரணம். சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கும் ஒரு பெண்மணி. ஒரு டின் 25 ரிங்கிட். ஓர் ஆர்டருக்கு ஆறு டின் என்றால் 150 ரிங்கிட். அதற்கு மாவு, எண்ணெய், எரிவாயு, டின் எல்லாம் சேர்த்து 66 ரிங்கிட் ஆகிறது. பெட்டிக்கும் உடையாமல் சுற்றும் பிளாஸ்டிக்குக்கும் 4 ரிங்கிட், அனுப்பும் கட்டணம் 10 ரிங்கிட், சிஓடி கட்டணம் 5 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான ஆர்டராக இருந்தால் அவருக்கு மிஞ்சுவது 65 ரிங்கிட்.

அதே ஆர்டர் பொய்யாக இருந்தால்? பார்சல் போய், ஆள் கிடைக்காமல், திரும்பி வர ஒரு வாரம் பத்து நாள் ஆகிவிடும். திரும்பி வரும் முறுக்கு பாதி நொறுங்கியிருக்கும். அதை இன்னொருவருக்கு விற்க முடியாது. செய்த செலவு 66, பெட்டி 4, போன கட்டணம் 10, திரும்பி வந்ததற்கு இன்னொரு 10 என்று மொத்தம் 90 ரிங்கிட் போய்விடும். இரண்டு இரவுகளில் இப்படி எட்டு ஆர்டர் வந்து, எட்டையும் அனுப்பிவிட்டால் 720 ரிங்கிட் நஷ்டம். அதை ஈடுகட்ட 12 உண்மையான ஆர்டர்களின் லாபம் வேண்டும்.

இதுவே சேலை என்றால் நிலைமை வேறு. சேலை திரும்பி வந்தாலும் மீண்டும் விற்கலாம். போக வரக் கட்டணமும் பெட்டியும் சேர்த்து 24 ரிங்கிட்டோடு நஷ்டம் நின்றுவிடும். அதனால் எல்லா வியாபாரிக்கும் ஒரே அளவு கட்டுப்பாடு தேவையில்லை. கெட்டுப்போகும் பொருள், பெயர் பொறித்துச் செய்யும் பொருள், அளவெடுத்துத் தைக்கும் உடை ஆகியவற்றை விற்பவர்கள்தான் மிகவும் கறாராக இருக்க வேண்டும்.

படிவத்தில் எழுதியதெல்லாம் உண்மை ஆகாது

பொய் ஆர்டர்கள் பெரும்பாலும் நுழையும் வழி இணையப் படிவம். பெயர், முகவரி, கைப்பேசி எண் என்று கேட்கும் படிவத்தில் யார் வேண்டுமானாலும் யாருடைய எண்ணையும் எழுதலாம். முகநூல் கருத்துப் பகுதியில் வரும் ஆர்டரும் அப்படித்தான். நேற்றுத் திறந்த கணக்கிலிருந்தும் வரலாம்.

இதற்கு எளிய மாற்றம் ஒன்று உண்டு. படிவத்தில் வரும் ஆர்டரை விசாரிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் தம் சொந்தப் புலன எண்ணிலிருந்து உங்களுக்குச் செய்தி அனுப்பினால்தான் அது ஆர்டர் என்று அறிவித்துவிடுங்கள். புலனத்தில் செய்தி வரும்போது எண்ணை அவர் எழுதத் தேவையில்லை, அதுவே திரையில் தெரியும். அந்தக் கணக்கு அவர் கையில் இருந்தால்தான் அவரால் அனுப்ப முடியும். நம் நாட்டில் முன்கட்டணச் சிம் அட்டைகளையும் அடையாள ஆவணத்தைக் காட்டிப் பதிந்துதான் வாங்க வேண்டும் என்பதால், பின்னால் போலீஸ் விசாரணைக்குப் போனாலும் பிடித்துக்கொள்ள ஒரு நூல் இருக்கும்.

படிவமே வேண்டும் என்பவர்கள் கூகல் படிவத்தின் அமைப்பில் “Limit to 1 response” என்பதைத் திறந்து வைக்கலாம். கூகல் கணக்கில் நுழைந்தவர் மட்டுமே, அதுவும் ஒரு முறை மட்டுமே நிரப்ப முடியும். பல கணக்கு வைத்திருப்பவரை இது தடுக்காது. ஆனால் ஒரே மூச்சில் எட்டு ஆர்டர் போடுபவரின் வேகத்தைக் குறைக்கும்.

எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது?

நம் உதாரணத்தில் வந்த எட்டு ஆர்டரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் கண்ணில் படும். எல்லாம் நள்ளிரவுக்குப் பிறகு சில நிமிட இடைவெளியில் வந்தவை. பெயர்கள் வேறு, ஆனால் எல்லாரும் ஆறு டின்தான் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே எழுத்துப் பிழை. யாரும் காரம் அதிகமா, எப்போது கிடைக்கும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உண்மையில் வாங்குபவர் ஏதாவது ஒன்று கேட்காமல் இருப்பது அபூர்வம்.

அடுத்தது அஞ்சல் குறியீடு. 31100 என்று போட்டுவிட்டு ஊர் கிள்ளான் என்று எழுதியிருந்தால், அந்தக் குறியீடு சுங்கை சிப்புட்டுக்கு உரியது. கைப்பேசி எண்ணில் இலக்கம் குறைகிறதா என்றும் எண்ணிப் பாருங்கள். 011 என்று தொடங்கும் எண்ணுக்கு மொத்தம் 11 இலக்கம், 012, 016 போன்றவற்றுக்கு 10 இலக்கம்.

ஆனால் ஒரே ஓர் அறிகுறியை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. குறிப்பாகத் தோட்ட முகவரிகளில் கவனம் தேவை. தோட்டத்தில் பல வீடுகளுக்கு முறையான எண் இருக்காது. தோட்ட அலுவலகத்தின் முகவரியையே கொடுப்பார்கள். ஒருவரே தம் வரிசை வீடுகளுக்கெல்லாம் சேர்த்து 20 டின் கேட்பதும் உண்டு. இதைப் பொய் என்று தள்ளிவிட்டால் நல்ல வாடிக்கையாளரை இழந்துவிடுவோம். அறிகுறி தெரிந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அழைத்துப் பேசுங்கள்.

அழைக்கும்போது என்ன கேட்பது?

“நீங்கள் ஆறு டின் முறுக்கு ஆர்டர் செய்தீர்களா?” என்று கேட்டால் யாரும் “ஆமாம்” என்று சொல்லிவிடலாம். பதிலை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. “என்ன ஆர்டர் செய்தீர்கள் அக்கா, எத்தனை? வீட்டுக்குப் பக்கத்தில் கோயிலோ கடையோ ஏதாவது இருக்கிறதா?” என்று கேளுங்கள். ஆர்டர் செய்தவர் தயங்காமல் சொல்வார்.

“நான் எதுவும் ஆர்டர் செய்யவில்லையே” என்று மறுமுனையில் பதில் வந்தால் கோபப்படாதீர்கள். அவருடைய எண்ணை வேறு யாரோ போட்டிருக்கலாம். அவரும் உங்களைப் போலவே பாதிக்கப்பட்டவர். இந்தச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க எண் அனுப்பித் திரும்பச் சொல்லச் சொல்வது வேண்டாம். டேக் எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்று மக்களுக்குச் சொல்லியிருக்கும்போது, நீங்கள் எண் கேட்டால் உங்களையே மோசடிக்காரர் என்று நினைப்பார்கள்.

முன்பணம் என்ற வேலி

இவை எல்லாவற்றையும் விட வலுவான தடை சிறு முன்பணம். முழு விலை வேண்டாம். போக வர ஆகும் கட்டணம் மட்டும் போதும், நம் உதாரணத்தில் 20 ரிங்கிட். பொருளின் விலையில் அது கழிக்கப்படும் என்பதையும், நீங்கள் அனுப்பத் தவறினால் முழுவதும் திருப்பித் தரப்படும் என்பதையும் விளம்பரத்திலேயே தெளிவாக எழுதுங்கள். இலவசமாகத் தொல்லை கொடுக்க நினைப்பவர் இங்கேயே நின்றுவிடுவார். அவரே பணம் அனுப்பினாலும், டுயிட்நௌ வழி வரும் பணத்தில் அனுப்பியவரின் பெயர் இருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். வாங்குபவர் அனுப்பும் ரசீதுப் படத்தை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள். படத்தைத் திருத்துவது எளிது. உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகு கட்டுங்கள்.

முன்பணத்தால் சில நல்ல வாடிக்கையாளர்களும் விலகிப் போவார்கள் என்பது உண்மை. அதனால் எல்லாரிடமும் கேட்கத் தேவையில்லை. முன்பே வாங்கிப் பணம் கொடுத்தவருக்குப் பழையபடி சிஓடி. புதியவரின் சிறிய ஆர்டருக்கு ஓர் அழைப்பு. புதியவரின் பெரிய ஆர்டருக்கும் கெட்டுப்போகும் பொருளுக்கும் முன்பணம். வங்கிச் செயலி இல்லாத பாட்டிக்கு மகனோ பேத்தியோ அனுப்பலாம். அதுவும் முடியாவிட்டால், அவர் ஊரில் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் அவரை அறிவாரா என்று விசாரித்து அனுப்பலாம்.

அனுப்பிவிட்ட பிறகு தெரிந்தால்?

பார்சலின் நகர்வைத் தினமும் பாருங்கள். முதல் முறை ஒப்படைக்க முடியவில்லை என்று காட்டினால் அன்றே வாங்குபவரை அழையுங்கள். பதில் இல்லையென்றால், திருப்பி அனுப்பும்படி குரியர் நிறுவனத்திடம் உடனே கேளுங்கள். சீக்கிரம் திரும்பினால் பொருளையாவது காப்பாற்றலாம். அதே பாணியில் வந்த மற்ற ஆர்டர்களை அனுப்பாமல் நிறுத்துங்கள்.

பிறகு புலன உரையாடல், படிவப் பதிவு, பார்சல் எண்கள், திரும்பி வந்த பெட்டியின் படம், கட்டண ரசீது அனைத்தையும் சேர்த்துப் போலீஸ் புகார் செய்யுங்கள். பிறரைத் தொல்லைப்படுத்தும் நோக்கத்தில் பொய்யான தகவலை இணையம் வழி அனுப்புவது 1998ஆம் ஆண்டு தொடர்பு மற்றும் பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவின் கீழ் வரக்கூடியது. ஓர் ஆர்டரை வைத்து நோக்கத்தைக் காட்டுவது கடினம். ஒரே பாணியில் வந்த எட்டு ஆர்டர்களை நேரத்தோடு அடுக்கிக் காட்டினால் புகாருக்கு வலு கூடும். அதனால் கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள்.

இன்னொரு தவறையும் தவிர்க்க வேண்டும். “இவர்தான் ஏமாற்றுக்காரர்” என்று பெயரையும் எண்ணையும் முகநூலில் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பெயரும் எண்ணும் ஒரு பாவமும் அறியாத மூன்றாம் நபருடையதாக இருந்தால், அவதூறு வழக்கு உங்கள் மீதுதான் வரும். சக வியாபாரிகளை எச்சரிக்க நினைத்தால் ஆர்டர் வந்த பாணியைச் சொல்லுங்கள். எண்ணைப் போலீசிடம் கொடுங்கள்.