'Decline' அழுத்தினாலும் பணம் வரும்!

அறந்தாங்கியில் இருக்கும் என் சித்தப்பா, திருச்சியில் விமானம் ஏறி பாங்காக் போய்வந்தார். வந்ததும் போனை நீட்டினார். "அஞ்சாயிரம் பாட்தான் எடுத்தேன். பதினாலாயிரத்துக்கு மேல போயிருக்கு. பேங்க்ல ஏமாத்துறாங்களாப்பா?"

ஏ.டி.எம் ரசீதை பத்திரமாக வைத்திருந்தார். அதில்தான் விஷயமே இருந்தது.

அன்று ஒரு பாட்டின் மதிப்பை, கணக்குக்கு எளிதாக, 2.50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5,000 பாட் என்றால் 12,500 ரூபாய். ஆனால், தாய்லாந்து ஏ.டி.எம்-களில் வெளிநாட்டு கார்டுக்குத் தனிக் கட்டணம் உண்டு. இவரிடம் 220 பாட் பிடித்திருந்தார்கள். எவ்வளவு குறைவாக எடுத்தாலும் இந்தக் கட்டணம் குறையாது. ஆக, மொத்தம் 5,220 பாட். நம் பணத்தில் 13,050 ரூபாய்.

அடுத்து மெஷின் ஒரு கேள்வி கேட்டிருக்கிறது. திரையில் ரூபாய்த் தொகையைக் காட்டி, 'Accept Conversion', 'Decline Conversion' என்று இரண்டு பட்டன்கள். "டிக்ளைன் பண்ணா பணம் வராதுன்னு பயந்துட்டேன்" என்றார். அங்கேதான் சறுக்கல்!

'Accept' அழுத்தினால், பாட்டை ரூபாயாக மாற்றும் ரேட்டை அந்த மெஷினை நடத்துபவரே வைப்பார். ரசீதில் இருந்த ரேட் 2.70. அதனால் 14,094 ரூபாய் போயிருக்கிறது. நம் வங்கியின் கட்டணம் 125 ரூபாய், ஜி.எஸ்.டி-யோடு 148. ஆக மொத்தம் 14,242.

'Decline' அழுத்தியிருந்தால்? பணம் அப்படியே வந்திருக்கும். விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனத்தின் ரேட்டில் கணக்கு நடக்கும். அதன்மேல் அவருடைய வங்கி 3.5 சதவிகிதமும் அதற்கு ஜி.எஸ்.டி-யும் சேர்க்கும், அது 539 ரூபாய். அந்த 148-ஐயும் கூட்டினால் 13,737. ஒரே பட்டனில் 505 ரூபாய் மிச்சம்!

ரூபாயில் எடுத்தால் இந்த 3.5 சதவிகிதம் தப்பிக்கும் என்றும் நம்ப முடியாது. ரூபாயில் நடந்தாலும் 'வெளிநாட்டுப் பரிவர்த்தனை' என்று கட்டணம் பிடிக்கும் வங்கிகள் உண்டு.

இன்னொன்று, மெஷின் கட்டணமும் வங்கிக் கட்டணமும் ஒவ்வொரு முறைக்கும் விழும். அதே 5,000 பாட்டை இரண்டு தடவையாக எடுத்திருந்தால், கூடுதலாக 700 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். தேவையைக் கணக்குப் போட்டு ஒரே தடவையில் எடுப்பதே லாபம். கட்டணம் எவ்வளவு என்று பணம் வருவதற்கு முன்பே திரையில் காட்டுவார்கள். அதிகமாகத் தெரிந்தால் 'Cancel' கொடுத்துவிட்டு வேறு வங்கியின் மெஷினைப் பார்க்கலாம்.

கிளம்பும் முன், கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு 'ஆன்' ஆகியிருக்கிறதா என்று வங்கி ஆப்பில் பாருங்கள். அப்படியே அந்த சதவிகிதத்தையும் ஒருமுறைக்கான கட்டணத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா அடுத்து மலேசியா போகிறாராம். 'டிக்ளைன்' என்ற வார்த்தையை கார்டு கவரிலேயே எழுதி வைத்துவிட்டார்.