சின்ன பைக்குக்கும் ஏ.பி.எஸ். வேண்டும்

பிசான நடவு தொடங்கிவிட்டால் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் வயல் கொஞ்சம் சாலைக்கும் ஏறிவிடும். டிராக்டர் சக்கரத்தில் ஒட்டி வந்த சேறு தாரில் காய்ந்து கிடக்கும். ஒரு தூறல் போட்டதும் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். அப்போது ஓர் ஆடு குறுக்கே பாய்கிறது. 100 சி.சி. வண்டியில் வருபவர் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கிறார். முன்சக்கரம் சுழல்வது நின்றுவிடுகிறது, வண்டியின் வேகம் நிற்கவில்லை. சுழலாத முன்சக்கரத்தைத் திருப்பி வண்டியை நேராக நிறுத்த முடியாது. கண் இமைப்பதற்குள் ஆள் தரையில் கிடப்பார்.

இந்தச் சறுக்கலைத் தடுக்கும் கருவி புதிதல்ல. கார்களில் 1970களிலிருந்தே இருக்கிறது. 1988இல் பி.எம்.டபிள்யூ. அதை மோட்டார் சைக்கிளில் பொருத்தியது. 2011இல் நம் ஓசூர் டி.வி.எஸ். நிறுவனம் தன் அப்பாச்சி 180 வண்டியில் ஏ.பி.எஸ். கொடுத்தது. 2019 ஏப்ரல் 1 முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் மத்திய அரசு அதைக் கட்டாயமாக்கியது. 125 வரை உள்ள வண்டிக்கு சி.பி.எஸ். இருந்தால் போதும் என்று விட்டுவிட்டது. புதுக்குடியிலும் ஆழ்வார்திருநகரியிலும் வீட்டு வாசலில் நிற்பவை பெரும்பாலும் அந்த 125க்கு உட்பட்ட வண்டிகள்தாம். உரமூட்டை ஏற்றுவதும், பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிடுவதும் அதில்தான்.

சி.பி.எஸ். என்பது என்ன? பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும்படி இரண்டையும் இணைக்கும் ஏற்பாடு. முன் பிரேக்கைத் தொடவே பயப்படுபவருக்கு அது உதவும். ஆனால் சக்கரம் சுழல்கிறதா, பூட்டிக்கொண்டதா என்பது அதற்குத் தெரியாது. சென்சார் கிடையாது. பதற்றத்தில் அழுத்தினால் அழுத்தியதுதான்.

ஏ.பி.எஸ்.ஸுக்குத் தெரியும். எப்படி என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். வாதமே அதில்தான் இருக்கிறது. டிஸ்க்கை ஒட்டி, பல் வெட்டிய சிறு வளையம் ஒன்று சக்கரத்தோடு சுற்றும். அதன் அருகே, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், காந்தப்புல மாற்றத்தை உணரும் சென்சார் இருக்கும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு. வளையத்தில் 48 பல் என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில் சாதாரண பைக் சக்கரம் நொடிக்கு ஒன்பது முறை சுற்றும். அப்படியானால் நொடிக்கு 430 துடிப்பு. இந்தத் துடிப்பை எண்ணிக்கொண்டே இருப்பதுதான் கட்டுப்பாட்டுப் பெட்டியின் வேலை.

காய்ந்த நல்ல தார்ச்சாலையில்கூட ஒரு வண்டி பத்தில் ஒரு பங்கு நொடியில் மூன்று, மூன்றரை கி.மீ. வேகத்துக்கு மேல் இழக்க முடியாது. டயரின் பிடிப்பு அவ்வளவுதான். ஆனால் அதே இடைவெளியில் சக்கரத்தின் வேகம் 60இலிருந்து 40க்கு விழுந்தால், குறைந்தது வண்டியின் வேகமல்ல, சக்கரம் பூட்டப் போகிறது என்பது பெட்டிக்குப் புரிந்துவிடும். உடனே உள்வால்வை மூடும். கை எவ்வளவு இறுக்கினாலும் பிரேக்குக்கு மேற்கொண்டு அழுத்தம் போகாது. அதற்கும் சக்கரம் வேகம் பிடிக்காவிட்டால் வெளிவால்வைத் திறக்கும். பிரேக் ஆயில் ஒரு சின்ன அறைக்குள் வடியும், பிடி தளரும், சக்கரம் மறுபடி சுழலும். சுழன்றதும் வெளிவால்வு மூடி, உள்வால்வு திறந்து, அழுத்தம் திரும்ப ஏறும். வடிந்த ஆயிலை ஒரு சின்ன பம்ப் மேலே அனுப்பிவிடும். இந்தப் பிடித்தல், விடுதல், மறுபடி பிடித்தல் நொடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட முறை நடக்கும்.

வண்டியைவிட சக்கரம் பத்து முதல் இருபது சதவீதம் மெதுவாகச் சுழலும் நிலையில்தான் தாரில் டயரின் பிடிப்பு உச்சம். அந்த எல்லையிலேயே சக்கரத்தை வைத்திருக்கத்தான் இத்தனை பாடும். மனிதக் கையால் ஆகாத காரியம் இது. அப்போது லீவர் விரலுக்கடியில் படபடவென்று அதிரும். பழுது என்று நினைத்துக் கையை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. எடுக்கக் கூடாது, விடாமல் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும்.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அத்தனை பேரும் ஏ.பி.எஸ். இல்லாததால் இறந்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வழுக்கிவிடும் என்ற பயத்தில் முன் பிரேக்கைப் பிடிக்காமலே போய் மோதுகிறவரும், பிடித்து வழுக்கி விழுகிறவரும் இந்தக் கருவியால் பிழைக்கக்கூடியவர்கள்.

எல்லா இருசக்கர வண்டிக்கும் ஏ.பி.எஸ். என்ற வரைவு அறிவிப்பை 2025 ஜூனில் மத்திய அரசு வெளியிட்டது. 2026 ஜனவரி 1 என்று நாளும் குறித்தது. தயாரிப்பாளர்கள் விலை ஏறும் என்கிறார்கள். ஏறத்தான் செய்யும். மலிவு வண்டிகளில் முன்னால் இருப்பது கம்பி இழுக்கும் டிரம் பிரேக். ஆயில் அழுத்தத்தில் இயங்கும் இந்த ஏ.பி.எஸ்.ஸை அதில் வைக்க முடியாது. டிஸ்க்குக்கு மாற வேண்டும், அதன் செலவும் சேரும். ஆனால் சில ஆயிரம் ரூபாயைக் காட்டி நாளைத் தள்ளிக்கொண்டே போவதை ஏற்க முடியாது. விலைதான் தடை என்றால் இரண்டு சக்கரத்துக்கும் வேண்டியதில்லை, முன்சக்கரத்துக்கு மட்டும் வையுங்கள். பின்சக்கரம் பூட்டினால் வால் ஆடும், பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஆளை வீழ்த்துவது முன்சக்கரம். அரசும் தன் பங்குக்கு அந்தப் பாகத்தின் மீதுள்ள வரியைக் குறைக்கலாம்.

இந்தக் கருவிக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. நனைந்த சாலையில் 60 கி.மீ. வேகத்தில் வருபவர் ஆட்டைப் பார்த்துப் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 16 மீட்டர் ஓடிவிடும். பிறகு நிற்க இன்னும் ஏறத்தாழ 28 மீட்டர். முதல் 16 மீட்டரை எந்தக் கருவியும் குறைக்காது. வளைவில் சாய்ந்து போகும்போது சாதாரண ஏ.பி.எஸ். முழுக் காவல் அல்ல. மணலில் நிலைமை தலைகீழ்: பூட்டிய சக்கரம் முன்னால் மணலைக் குவித்துத் தானே தடை போட்டுக்கொள்ளும், ஏ.பி.எஸ். அதைக் குவியவிடாது, நிற்கும் தூரம் கூடும். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு சாலையில் படிந்த வண்டலில் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. திருச்செந்தூர்ப் பக்கம் தேரி மணல் பரவும் இடங்களிலும் வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

உப்பளங்கள் நிறைந்த இந்தக் கரைக்கு இன்னொரு சிக்கல். உப்புக்காற்றில் பல்வளையம் துருப்பிடிக்கும், சென்சார் முனையில் சேறு அப்பும், துடிப்பு விட்டுவிட்டு வரும். கணக்குத் தவறினால் பெட்டி தன்னையே அணைத்துக்கொண்டு மஞ்சள் விளக்கை எரியவிடும். சாதாரண பிரேக் வேலை செய்யும், காவல் மட்டும் இருக்காது. சாவி போட்டதும் அந்த விளக்கு எரிய வேண்டும், வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது. எரியவே இல்லை என்றால், தொல்லை என்று யாரோ இணைப்பையே பிடுங்கியிருக்கலாம்.

சொந்த பைக்குக்கு முதல் 15 ஆண்டு தகுதிச் சோதனை எதுவும் கிடையாது. ஆனால் புகைச் சான்றுக்கு எல்லோரும் போயாக வேண்டும். அங்கேயே அந்த விளக்கைப் பார்த்துக் குறித்துக் கொடுக்கப் போக்குவரத்துத் துறை உத்தரவிட வேண்டும். மத்திய அரசோ சின்ன வண்டிகளுக்கான விதியை இனியும் காலம் கடத்தாமல் அமலாக்க வேண்டும்.